மறந்துகொண்டே இருக்கும் கார்டுகள்

ஃபிளாஷ்கார்டு செயலியான ஆன்கியில் சில கார்டுகள் எத்தனை முறை பார்த்தாலும் மறந்துபோகின்றன. என்ன செய்வது?

வழக்கமான அமைப்பில், 8 முறை தவறவிட்ட கார்டை ஆன்கியே `leech` என்று குறியிடும். லீச் என்றால் ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சி. இது நேரத்தை உறிஞ்சும் கார்டு. தேடலில் `tag:leech` போட்டால் எல்லாம் வரும்.

என்னிடம் "தமனியின் பண்புகள் யாவை?" என்று ஒன்று இருந்தது. பதிலில் நான்கு வரி, ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். அதை உடைத்தேன்: "தமனிச் சுவர் ஏன் தடிமன்?" பதில், இதயம் தள்ளும் ரத்தத்தின் அழுத்தத்தைத் தாங்க.

அப்புறமும் "நுரையீரல் தமனியில் எந்த ரத்தம்?" மட்டும் குழப்பியது. தமனி என்றாலே ஆக்சிஜன் நிறைந்தது என்று மனதில் பதிந்திருந்ததுதான் காரணம்; இதிலோ ஆக்சிஜன் குறைந்த ரத்தம். அதனால் கேள்வியையே மாற்றினேன்: "தமனி, சிரை என்று எதை வைத்துப் பிரிக்கிறோம்?" இதயத்திலிருந்து போகிறதா, இதயத்துக்கு வருகிறதா என்பதை வைத்து.

சுவரின் தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்ற கார்டை அழித்தேவிட்டேன். இதுவரை தேவைப்படவில்லை.