20 நிமிட மேடைப் பேச்சுக்கு ஒத்திகை நாட்களை எப்படிப் பிரித்துக்கொள்வது?

கேள்வி: மார்ச் 22, ஞாயிறு மாலை காரைக்குடியில் ஓர் இலக்கிய விழாவில் கம்பனின் குகனைப் பற்றி 20 நிமிடம் பேச வேண்டும். நான் பள்ளி ஆசிரியர். இன்னும் 4 வாரம் இருக்கிறது. எந்தெந்த நாளில் ஒத்திகை பார்ப்பது, எத்தனை நிமிடத்துக்குப் பார்ப்பது?

பதில்:

22-ஆம் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஒவ்வொரு ஒத்திகையிலும் ஏதாவது ஒரு குறை தெரியவரும். அதைச் சரிசெய்து, சரிசெய்ததை வாய்க்குப் பழக்க எத்தனை நாள் வேண்டும் என்று பார்த்து, அத்தனை நாள் முன்னதாக அந்த ஒத்திகையை வையுங்கள். ஒரு பகுதியையே வெட்டிக் கட்டமைப்பை மாற்ற மூன்று நான்கு நாள் பிடிக்கும். ஒரு வாக்கியத்தை மாற்ற ஒரு நாள் போதும். குரலும் மைக் தூரமும் மட்டும் என்றால் அங்கேயே சரிசெய்துவிடலாம். ஆகவே பெரிய குறையைக் காட்டும் ஒத்திகை முதலிலும் சிறிய குறையைக் காட்டுவது கடைசியிலும் வரும்.

நாட்களை இப்படி எழுதிக்கொள்ளலாம். 21, சனி காலை கடைசி முழு ஒத்திகை, தனியாக. 19, வியாழன் விழா மண்டபத்தில் மைக்குடன். 15, ஞாயிறு இரண்டு பேர் முன்னால். 8, ஞாயிறு வெட்டிய பிறகான கடிகார ஒத்திகை. 4, புதன் முதல் கடிகார ஒத்திகை. அப்படியானால் மார்ச் 1 இரவுக்குள் எழுத்து முடிந்திருக்க வேண்டும். எழுத உங்களுக்கு இருப்பது 4 வாரம் இல்லை, ஒரு வாரம்தான். பின்னோக்கி எண்ணினால்தான் இது கண்ணில் படும்.

இனி நிமிடம். 20 கொடுத்தால் 17-க்குத் தயார் செய்யுங்கள். மேடையில் தலைவர், முன்னிலை, புரவலர்கள் என்று பெயர் சொல்லி விளிப்பது எழுதியதைவிட எப்போதும் நீளும். கைதட்டலுக்கு நிற்க வேண்டியிருக்கும். எதிரொலி உள்ள மண்டபத்தில் நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டும். அந்த மூன்று நிமிடம் இவற்றுக்கே போய்விடும்.

17 நிமிடத்தை ஆறு துண்டாக்குங்கள். விளிப்பு 1, தொடக்கம் 2, குகன் இராமனைக் காண்பது 4, ஓடத்தில் கடத்துவது 4, பரதனைக் காண்பது 4, முடிப்பு 2. ஒத்திகையில் மொத்த நேரத்தை மட்டும் பார்ப்பதால் பயனில்லை. ஒவ்வொரு துண்டு முடியும்போதும் மணி என்ன என்பதுதான் வேண்டும். செல்பேசியின் ஸ்டாப்வாட்சில் ‘லேப்’ பொத்தான் இருக்கிறது. அதை அழுத்துவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வேலை, உங்கள் வேலை அல்ல. நடுவில் தடுமாறினாலும் நிறுத்தித் திரும்பத் தொடங்கக் கூடாது. தொடங்கினால் அன்றைய கணக்கு கெட்டுவிடும்.

முதல் ஒத்திகையில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 1:20, 4:30, 11:40, 16:00, 21:00, 24:10. ஏழு நிமிடம் கூடுதல் என்றதும் எல்லாவற்றையும் வேகமாகச் சொல்லத் தோன்றும். அது வேண்டாம். எங்கே கூடியது என்று பாருங்கள். மூன்றாவது துண்டு மட்டும் 7:10 எடுத்திருக்கிறது. அதில் ஐந்து பாடல்கள். ஒரு விருத்தத்தைச் சந்தம் கெடாமல் சொல்ல அரை நிமிடம், பொருள் விரிக்க 50 நொடி. ஐந்துக்கும் 6:40, இணைப்புக்கு 30 நொடி. இரண்டு பாடலை எடுத்துவிட்டால் 2:40 குறைகிறது. தொடக்கத்தில் இரண்டு செய்தி இருந்தால் ஒன்றை எடுங்கள், 1:10 மிச்சம். முடிப்பும் பெரும்பாலும் இரண்டு தடவை முடியும். முதல் முடிப்போடு நிறுத்தினால் இன்னொரு 1:10. பரதன் பகுதியில் ஒரு நிமிடம், விளிப்பில் 20 நொடி. மொத்தம் 17:50-க்கு வந்துவிடுகிறது. மீதி 50 நொடியை 8-ஆம் தேதி ஒத்திகை பார்த்துக்கொள்ளும். பாதியாகச் சொன்ன பாடலைவிட எடுத்துவிட்ட பாடல் மேல். காரைக்குடியில் முன்வரிசைக்காரர்களுக்குப் பாடல் தெரியும். பாதியில் விட்டால் அவர்கள் மீதியை முணுமுணுப்பார்கள்.

8-ஆம் தேதிக்குப் பிறகு கடிகாரம் உங்களை ஏமாற்றும். எதையும் வெட்டாமலே நேரம் ஒன்றிரண்டு நிமிடம் குறையும். மனப்பாடமாகி வேகம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். கண்டுபிடிப்பது எளிது: வெட்டினால் ஒரு துண்டு மட்டும் குறையும், வேகம் கூடினால் எல்லாத் துண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். இரண்டாவது வகை என்றால் அந்த நேரத்தை நம்பிப் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். மேடையில் வேகம் இறங்கிவிடும்.

8-க்கும் 15-க்கும் நடுவில் துண்டு ஒத்திகைகள் போதும், ஒரு நாளுக்கு 15 நிமிடம். எப்போதும் முதலிலிருந்தே தொடங்கினால் தொடக்கம் மட்டும் மெருகேறி, பரதன் பகுதி கரடுமுரடாகவே நிற்கும். அதனால் கடைசித் துண்டிலிருந்து பின்னோக்கிப் போங்கள்: இன்று முடிப்பு, நாளை பரதனும் முடிப்பும், மறுநாள் ஓடத்திலிருந்து.

15-ஆம் தேதிக்கு இருவர் வேண்டும். ஒருவர் கடிகாரம் மட்டும். மற்றவர் கம்பராமாயணம் படிக்காதவராக இருப்பது நல்லது; வீட்டில் ஆச்சி இருந்தால் அவர்களையே உட்கார வையுங்கள். “நல்லா இருந்துச்சா” என்று கேட்காதீர்கள், “நல்லாத்தான்ப்பா இருந்துச்சு” என்பார்கள். “பரதனைப் பார்த்ததும் குகன் முதலில் என்ன நினைத்தான்” என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அந்த இடத்தில் பொருள் போய்ச் சேரவில்லை. பெரிய வீடு கிடைத்தால் வளவின் ஒரு மூலையில் நீங்கள் நின்று, எதிர் மூலையில் அவர்களை உட்கார வையுங்கள். திறந்த இடத்தில் வாக்கியத்தின் கடைசிச் சொல் தேய்கிறதா என்பது தெரிந்துவிடும். இந்த நாட்களில் முத்துமாரியம்மன் கோயில் மாசி-பங்குனித் திருவிழாவும் நடக்கும். மாலையில் தெருவில் ஒலிபெருக்கி இருந்தால் காலை 6 மணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், தேதியை மட்டும் தள்ளாதீர்கள். பொதுத்தேர்வு மேற்பார்வைப் பணி இருந்தால் அந்தத் தேதிகளையும் இப்போதே அடித்துவிடுங்கள்.

16-ஆம் தேதி இரவோடு எழுத்தைப் பூட்டிவிடுங்கள். 18-ஆம் தேதி தோன்றும் அழகான வாக்கியம் வாய்க்குப் பழகியிருக்காது. மேடையில் பழைய வாக்கியம் நாக்குக்கு வரும், புதியது நினைவுக்கு வரும், இரண்டும் மோதி நின்றுவிடுவீர்கள்.

19-ஆம் தேதி மண்டபத்தில் முழுப் பேச்சும் வேண்டாம். விளிப்பு, ஒரு பாடல், முடிப்பு மட்டும் பேசி, நண்பர் ஒருவரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

21-ஆம் தேதி இரண்டு முறை பேசுங்கள், 17 நிமிடம் ஒரு முறை, 12 நிமிடம் ஒரு முறை. முன்னால் பேசுபவர் நேரத்தைத் தின்றுவிட்டால் “12 நிமிடத்தில் முடிக்கவும்” என்று சீட்டு வரும். அப்போது ஓடத்துண்டை முழுதாக விட்டுவிட்டு, இராமனைக் கண்டதிலிருந்து பரதனைக் கண்டதற்கு ஒரே வாக்கியத்தில் தாவ வேண்டும். அந்த வாக்கியத்தை முன்பே எழுதி, 8-ஆம் தேதியிலிருந்தே பழகியிருங்கள். அப்படி விட்டால் 13 வரும். முடிப்பிலும் ஒரு நிமிடம் குறைத்தால் 12. குறிப்பு அட்டையில் துண்டு முடியும் நிமிடங்களை, 1, 3, 7, 11, 15, 17 என்று, பெரிய எழுத்தில் ஓரத்தில் எழுதிவையுங்கள். மைக் முன் நின்றதும் கைக்கடிகாரத்தில் மணி பார்த்துக்கொள்ளுங்கள்; 6:40 என்றால், பரதனை 6:51-க்குத் தொடங்க வேண்டும்.

22 அன்று முழு ஒத்திகை கிடையாது. காலையில் தொடக்கத்தின் இரண்டு நிமிடத்தையும் முடிப்பையும் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். விளிப்பில் வரும் பெயர்களை அழைப்பிதழோடு ஒப்பிட்டுவிட்டு, மேடை ஏறும் முன் அமைப்பாளரிடம் “வராதவர் யார், புதிதாக வந்தவர் யார்” என்று கேட்டு அட்டையில் திருத்திக்கொள்ளுங்கள்.