ஏற்காட்டில் அப்பாவின் பழைய போன்

"ஏற்காட்டில் அப்பாவின் போன் ஆண்ட்ராய்டு 4.4. வாட்ஸ்அப், பதிப்பு காலாவதியாகிவிட்டது என்று நின்றுவிட்டது. அழித்துவிட்டு மறுபடி ஏற்றலாமா?"

அழிக்காதீர்கள். 5.0-க்குக் கீழுள்ள ஆண்ட்ராய்டுகளை வாட்ஸ்அப் 2023 அக்டோபரிலேயே கைவிட்டுவிட்டது. அழித்தால் அந்தப் போனில் திரும்ப வராது. பழைய உரையாடல்களும் போய்விடலாம்.

செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' என்ற பகுதியில் சிஸ்டம் அப்டேட் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதிர்ஷ்டம்தான். மலைமேல் சிக்னல் விட்டுவிட்டு வந்தால், சேலத்துக்கு இறங்கும்போது வைஃபையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இல்லையென்றால் வேறு போன்தான் வழி. அதற்கு முன், இந்தப் போனின் உள் நினைவகத்தில் `WhatsApp/Databases` ஃபோல்டரைத் திறந்து, `msgstore` என்று தொடங்கும் கோப்பின் தேதியைப் பாருங்கள். அந்தத் தேதிவரைதான் உரையாடல்கள் மிஞ்சும். `WhatsApp` ஃபோல்டரை முழுதாக மெமரி கார்டில் நகலெடுத்து வையுங்கள்.

இந்த நகலிலிருந்து உரையாடல்களை மீட்கப் புதிய போனில் அதே எண் வேண்டும். கோப்பு மிகப் பழையதானால் புதிய பதிப்பு ஏற்காமலும் போகலாம். படங்களாவது கார்டில் இருக்கும்.