மழைத்தண்ணிக்கு எத்தனை கரண்டி தூள்? வோஷிங் மெசின் நுரை: கேள்வி பதில்

புதுக்குடியிருப்பு அக்கா: முன்கதவு மெசின். நாலு வருசமா அதே தூள், அதே ஐஞ்சு கரண்டி. போன கிழமை நுரை தூள் போடுற தட்டால வழிஞ்சு நிலமெல்லாம் ஓடினது. மெசின் பழுதோ?

தூளும் அளவும் மாறேல்லை எண்டால் நான் முதலில பாக்கிறது தண்ணியைத்தான். அண்டைக்கு எந்தத் தண்ணி, அக்கா?

அக்கா: மழையோட கிணறு கலங்கிப் போச்சு தம்பி. கூரைத் தண்ணி பிடிக்கிற தாங்கியில இருந்துதான் மேல ஏத்தினம்.

அப்ப மெசினில பிழை இருக்காது. உங்கட கேத்திலுக்க வெள்ளையாப் படியுமே, அந்தச் சுண்ணாம்பு கிணத்துத் தண்ணியில கரைஞ்சிருக்கு. போடுற தூளில ஒரு பங்கை அது முதலில பிடிச்சு வைக்கும், மிச்சம்தான் நுரைக்கும். அதாலதான் கரண்டி கூடிக் கூடி ஐஞ்சில வந்து நிண்டிருக்கு. மழைத்தண்ணியில சுண்ணாம்பு இல்லை. ஐஞ்சு கரண்டியும் அப்படியே நுரையாப் பொங்கும். 7 கிலோ மெசினுக்கு மழைத்தண்ணி எண்டால் தலை தட்டின ரெண்டு மேசைக்கரண்டியோட துவங்குங்கோ. அரைவாசி உடுப்பெண்டால் ஒண்டு காணும். கிணத்துத் தண்ணிக்குத் திரும்பும்போது மூண்டு போட்டுப் பாருங்கோ. ஊத்தை போகேல்லை எண்டால் மட்டும் கூட்டுங்கோ. கார்த்திகை, மார்கழியில தண்ணியை மாத்துற வீடுகளில இந்தக் கதை எனக்கு ஒவ்வொரு வருசமும் வரும்.

கிளிநொச்சித் தம்பி: அண்ணை, இப்ப ஓடிக்கொண்டிருக்கு. திரையில SUd எண்டு காட்டுது. சுத்துறது நிண்டு நிண்டு போகுது. என்ன செய்ய?

நுரை கூடிட்டுது எண்டு மெசினே சொல்லுது. தானா அடங்கட்டும் எண்டு அது காத்திருக்கும், முதலில விட்டுப் பாருங்கோ. வெளியில வழிஞ்சால் மட்டும் நிப்பாட்டுங்கோ. நிலம் ஈரமெண்டால் பிளக்கில கை வைக்காதேங்கோ, மெயின் சுவிச்சை விழுத்துங்கோ. கதவை இழுக்க வேண்டாம். அரை மணித்தியாலம், தேவையெண்டால் ஒரு மணித்தியாலம் விட நுரை தண்ணியா இறங்கும். பிறகு நிலத்தைத் துடைச்சுப்போட்டு, தண்ணி வெளியேத்துறதை மட்டும் ஓட்டுங்கோ. பம்ப் சத்தம் வருது, தண்ணி வருகுதில்லை எண்டால் அது நுரையையும் காத்தையும் விழுங்கி நிக்குது. திருப்பி நிப்பாட்டி, கீழ்மூலையில இருக்கிற சின்ன மூடியைத் திறந்து, தட்டையான பாத்திரத்தில கொஞ்சம் கொஞ்சமா வடிய விடுங்கோ. சுடுதண்ணியில தோய்ச்சிருந்தால் ஆறவிட்டுத் திறவுங்கோ.

அதுக்குப் பிறகு உடுப்பில பாதியை எடுத்து வைச்சு, தூள் இல்லாமல் அலசல் மட்டும். கண்ணாடியில நுரை தெரியாத வரைக்கும் அலசுங்கோ, பிழியுறது கடைசியில. நுரையோட வேகமாச் சுத்த விட்டால் அது இன்னும் அடிச்சுப் பொங்கும்.

முல்லைத்தீவு ஐயா: ஒரு பிடி உப்புப் போட நுரை உடனே படுத்திடும். நான் அப்படித்தான் செய்யிறனான்.

படுக்கும் ஐயா, அது மெய்தான். ஆனால் கரையாத உப்பு தொட்டி அடியில தங்கினால் இரும்பை அரிக்கும். வினாகிரி ஒரு அரைக் கோப்பையைத் தூள்த்தட்டால ஊத்தி அலசினால் அதே வேலை நடக்கும். கடைசியில வாசத்துக்கு ஊத்துற திரவம் ஒரு மூடியும் நுரையை அமத்தும். வெள்ளையாக்கிற குளோரின் போட்ட உடுப்போட மட்டும் வினாகிரி சேர்க்கவே கூடாது, ரெண்டும் சேர்ந்தால் வாற வாயு நெஞ்சைப் பிடிக்கும். அவசரத்துக்குத்தான் இது. கிழமைக்குக் கிழமை ஊத்தினால் கதவு ரப்பர் கெடும்.

மாங்குளம் அக்கா: எங்கட மெசினில நுரையே வருகுதில்லை. இன்னும் தூள் போடவோ?

வேண்டாம் அக்கா. மெசினுக்கெண்டு செய்யிற தூள் குறைவா நுரைக்கத்தான் செய்திருக்கினம். முன்கதவு மெசினில உடுப்பு மேல போய்க் கீழ விழுந்து அடிபடுறதாலதான் ஊத்தை கழருது. நுரை கூடினால் அது மெத்தையில விழுந்த மாதிரி, அடி படாது. உடுப்பு காய்ஞ்ச பிறகு கழுத்துப்பட்டியை மணந்து பாருங்கோ, வேர்வை மணம் இல்லையெண்டால் அளவு சரி. கையால தோய்க்கிற பைக்கற்றுத் தூளை மட்டும் உதுக்குள்ள போடாதேங்கோ, அது வாளிக்குச் செய்தது.

வவுனியாத் தம்பி: தூளே போடாமல் ஓட்டினாலும் நுரைக்குது. ரெண்டாம் கையில வாங்கின மெசின்.

பழைய தூள் துவாய்களிலயும் தட்டிலயும் ஒட்டியிருக்கும். தட்டைக் கழட்டிக் கழுவி, உடுப்பில்லாமல் சூட்டில ஒருக்கா ஓட்டுங்கோ. அப்ப நுரை வராட்டி, முந்தி வந்தது துவாயால. அதுகளைத் தூள் இல்லாமல் மூண்டு தரம் அலச வேணும்.

தம்பி: உடுப்பில்லாமலும் நாலு தரம் ஓட்டிட்டன் அண்ணை. இன்னும் கொஞ்சம் வருது.

அப்ப ரெண்டு சந்தேகம் இருக்கு. உடுப்புச் சுத்துற உள்தொட்டியின்ர வெளிப்பக்கத்தில தூள் கட்டியாப் படிஞ்சிருக்கலாம். இல்லாட்டி தண்ணி மட்டம் பாக்கிற சின்னக் குழாய் அடைச்சு, அலசத் தண்ணி குறைய எடுக்குது. எதெண்டு இங்க இருந்து சொல்ல ஏலாது. அலசும்போது கண்ணாடியில தண்ணி எவ்வளவு உயரம் நிக்குதெண்டு பாத்துச் சொல்லுங்கோ.