தீபாவளி ஆர்டரை அண்ணாச்சிகளிடம் முன்கூட்டியே கேட்பது எப்படி?

"தாராவியில் வீட்டோடு சேர்த்து முறுக்கு யூனிட் நடத்துகிறேன். ஒரு நாளைக்கு 150 கிலோ போடுவோம். மாட்டுங்கா, சயான், செம்பூர், முலுண்ட் பக்கம் 36 கடைகளுக்குக் கொடுக்கிறேன். போன தீபாவளிக்குக் கடைசி நாலு நாளில் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். ராத்திரி பகலாகப் போட்டும் பாதிப் பேருக்குக் கொடுக்க முடியவில்லை, ரெண்டு கடை கோபித்துக்கொண்டது. இந்த வருஷம் முன்னாடியே ஆர்டர் கேட்கலாம் என்றால், 'ரொம்பத்தான் கெடுபிடி பண்ணுது இந்தம்மா' என்று வேறு ஆளிடம் போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. எப்படிக் கேட்பது?"
— ஒரு வாசகி, தாராவி

அன்புச் சகோதரி,

கடைக்காரர் ஏன் முன்னாடியே சொல்வதில்லை என்பதைப் பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். அவருக்கு மூன்று கவலை. சரக்கை இப்போதே இறக்கினால் வைக்க இடமில்லை. காசு முடங்கும். விற்காமல் நின்றால் தேதி பழசாகிவிடும். ஆகவே நீங்கள் அவரிடம் முன்கூட்டிக் கேட்க வேண்டியது எண்ணிக்கையை மட்டும்தான். சரக்கு அவருக்கு வேண்டிய வாரத்தில்தான் வரும் என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டால் அந்த மூன்று கவலையும் லேசாகிவிடும்.

கடைசித் தேதியை மட்டும் கடைக்காரரைக் கேட்டு வைக்காதீர்கள். அது உங்கள் அடுப்பிலிருந்து வர வேண்டும். இந்த வருஷம் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். உங்களிடம் வேலை செய்யும் பெண்களில் சிலர் திருநெல்வேலிப் பக்கம் போகிறவர்களாக இருப்பார்கள். ரயில் டிக்கெட் 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுகிறது, அவர்கள் எப்போதோ போட்டிருப்பார்கள். யார் எந்தத் தேதியில் கிளம்புகிறார்கள் என்று முதலில் அவர்களைக் கேளுங்கள். நவம்பர் 5-ஆம் தேதி கிளம்புகிறார்கள் என்றால், 4-ஆம் தேதி புதன்கிழமைதான் உங்கள் கடைசி அடுப்பு நாள். தொடக்கம், ஆயுத பூஜையும் தசராவும் முடிந்து அக்டோபர் 21 புதன். நடுவில் இரண்டு ஞாயிறு விடுமுறை. மொத்தம் 13 நாள், 1,950 கிலோ. அதில் ஒரு நாள் அளவு, 150 கிலோவை, யாருக்கும் சொல்லாமல் ஒதுக்கி வையுங்கள். மீதி 1,800 கிலோதான் நீங்கள் வாக்குக் கொடுக்கக்கூடிய அளவு. 36 கடைக்குப் பிரித்தால் சராசரி 50 கிலோ.

ஞாயிறும் போட்டால், ராத்திரியும் போட்டால் கூடுமே என்று தோன்றும். எண்ணெய்ச் சட்டி தாங்கும், ஆனால் ஆறவைக்கும் இடம் தாங்காது. என் கடையில் ஒரு தீபாவளிக்கு அப்படித்தான் ஆனது. ராத்திரி 11 மணிக்கு எடுத்த முறுக்கை, காலை வண்டிக்கு வேண்டுமென்று சூடு தணியும் முன் பாக்கெட்டில் அடைத்து சீல் வைத்தோம். காலையில் பாக்கெட்டின் உள்பக்கம் மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி மங்கலாக இருந்தது, ஓரத்தில் பொடிப்பொடியாக நீர்த்துளி. மூன்றாம் நாள் கடைக்காரர் ஒரு முறுக்கை என் முன்னால் உடைத்தார். சத்தமே வரவில்லை, வளைந்தது. 40 பாக்கெட் திரும்பி வந்தது. அதனால் கையில் இல்லாத நேரத்தை வாக்காகக் கொடுக்காதீர்கள்.

இனி தேதிகள். இரண்டு தேதி போதும்.

முதல் தேதி மொத்த அளவைச் சொல்வதற்கு. அரிசி, உளுந்து, எண்ணெய், அச்சடித்த பாக்கெட் எல்லாம் அக்டோபர் 13-லிருந்து 17-க்குள் வாங்கியாக வேண்டும். ஆகவே அக்டோபர் 12, திங்கட்கிழமை மாலை. ஏன் 10-ஆம் தேதி சனிக்கிழமை வேண்டாம் என்றால், அன்று மகாளய அமாவாசை. நமக்கு அமாவாசை நல்ல நாள்தான். ஆனால் உங்கள் கடைக்காரர்களில் குஜராத்தி, மார்வாடி சேட்டுகள் இருப்பார்களே, அவர்களில் பலர் அந்த அமாவாசையோடு முடியும் பித்ரு பட்சப் பதினைந்து நாளில் புதுக் கொள்முதல் எதையும் எழுத மாட்டார்கள். 11-ஆம் தேதி நவராத்திரி தொடங்கியதும் அவர்களே மகிழ்ச்சியாக எழுதுவார்கள். அதற்காக அந்தப் பதினைந்து நாளை வீணாக்கவும் வேண்டாம். கணபதி விசர்ஜனம் முடிந்து வியாபாரம் மந்தமாக இருக்கும் நேரம் அது, கடைக்காரர் உட்கார்ந்து பேசுவார். அப்போது நேரில் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். பிற்பகல் 2 மணிக்கு மேல் போங்கள். மாலை 6 மணிக்குக் கல்லாவில் நின்று இந்தப் பேச்சை எடுத்தால் எவருக்கும் எரிச்சல்தான் வரும்.

இரண்டாம் தேதி அக்டோபர் 28, புதன். அதுவரை, சொன்ன அளவில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டலாம் அல்லது குறைக்கலாம் என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு மாற்றம் இல்லை. இந்தச் சலுகைதான் கடைக்காரரைத் துணிந்து எண் சொல்ல வைக்கும். ஒருவர் கூட்டுவதும் இன்னொருவர் குறைப்பதும் பெரும்பாலும் ஒன்றையொன்று சரிசெய்துவிடும். மிஞ்சினால் இருக்கவே இருக்கிறது அந்த 150 கிலோ.

சரக்கை இரண்டு தவணையாகக் கொடுங்கள். 60 சதவீதம் அக்டோபர் 29, 30, 31 தேதிகளில். நவம்பர் 1 ஞாயிறு, சம்பளமும் போனஸும் கைக்கு வந்த கூட்டம் கடைக்கு வரும் நாள், அதற்குள் அடுக்கில் முறுக்கு இருக்க வேண்டும். மீதி 40 சதவீதம் நவம்பர் 4, 5. உங்கள் அடுப்பு இதற்குச் சரியாக ஈடுகொடுக்கும். 30-ஆம் தேதி வரை ஒன்பது நாளில் 1,350 கிலோ போட்டிருப்பீர்கள், முதல் தவணைக்கு வேண்டியது 1,080 தான்.

கேட்கும் விதம்தான் இதில் முக்கியம். "எவ்வளவு வேணும்?" என்று கேட்டால் "பார்த்துச் சொல்றேன்" என்றுதான் பதில் வரும். போன வருஷ நோட்டைப் பார்த்து எண்ணை நீங்களே சொல்லுங்கள். நேரில் பேசிய அன்று ராத்திரியே இப்படி ஒரு வாட்ஸ்அப்:

"அண்ணாச்சி, வணக்கம். தீபாவளி முறுக்குக்குக் கணக்கு எடுக்கிறோம். போன வருஷம் நீங்க எடுத்தது 54 கிலோ. கடைசி மூணு நாள்ல இன்னும் 18 கிலோ கேட்டீங்க, என்னால 6 தான் தர முடிஞ்சது. இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாதுன்னு 60 கிலோ உங்க பேர்ல எழுதி வைக்கிறேன். 36 கிலோ அக்டோபர் 30 வெள்ளி மதியம் 2 முதல் 4-க்குள்ள, 24 கிலோ நவம்பர் 5 வியாழன் அதே நேரம். 28-ஆம் தேதி வரை 12 கிலோ கூட்டலாம், குறைக்கலாம். அக்டோபர் 12 திங்கள் சாயந்திரத்துக்குள்ள சரின்னு ஒரு வார்த்தை போட்டுடுங்க. அதுக்கப்புறம் மாவு வாங்கிடுவேன்."

இதில் கெடுபிடி எங்கே இருக்கிறது? அவருக்குப் போன வருஷம் நடந்த நஷ்டத்தைத்தான் நினைவுபடுத்துகிறீர்கள். 12 கிலோ முறுக்கு அவர் கையில் இல்லாமல் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போனார் என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். கடைசி வரியும் இருக்கட்டும். தேதிக்குக் காரணம் மாவு என்று தெரிந்தால் அதை உங்கள் பிடிவாதமாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சேட்டுகளுக்கு இதையே ஹிந்தியிலோ மராத்தியிலோ போனில் சொல்லிவிட்டு, எண்ணையும் தேதியையும் மட்டும் எழுதி அனுப்புங்கள்.

டெலிவரி நேரத்துக்கு வருகிறேன். முறுக்குக்கு எடை பிரச்சினை இல்லை, இடம்தான் பிரச்சினை. 250 கிராம் பாக்கெட் 24 கொண்ட பெட்டி 6 கிலோதான், ஆனால் நிறைய இடத்தை அடைக்கும். உயரமாக அடுக்கினால் அடிப்பெட்டி நொறுங்கிவிடும். முதல் தவணை 180 பெட்டி, மூன்று நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 60. ஒரு சோட்டா ஹாத்தியை நாள் வாடகைக்கு இப்போதே பேசி வையுங்கள், அந்த வாரத்தில் கேட்டால் கிடைக்காது. நாளைக்கு மூன்று நேரம்: காலை 8 முதல் 10, பகல் 11 முதல் 1, பிற்பகல் 2 முதல் 4. ஒரு நேரத்துக்கு நாலு கடை. மூன்று நாளில் 36 கடையும் முடிந்துவிடும். இரண்டாம் தவணை 120 பெட்டிதான் என்றாலும் இரண்டே நாள், ஒரு நேரத்துக்கு ஆறு கடை விழும். அதற்கு இறக்கிவைக்கக் கூட ஒரு பையனைப் போடுங்கள்.

ஒரு நேரத்தில் வரும் கடைகள் ஒரே ஏரியாவாக இருக்கட்டும். முலுண்ட் கடை ஒன்றையும் மாட்டுங்கா கடை ஒன்றையும் ஒரே நேரத்தில் போட்டால் வண்டி சயான் சிக்னலிலேயே நிற்கும். தாதரை ஒட்டி ஏதாவது கடை இருந்தால் காலை முதல் நேரத்தில் முடித்துவிடுங்கள், தீபாவளி வாரத்தில் அங்கே பகலில் வண்டி நகராது. மாலை 5 மணிக்கு மேல் எந்தக் கடைக்கும் நேரம் கொடுக்காதீர்கள். கூட்டம் நிற்கும்போது பெட்டியை எண்ணி வாங்க அவருக்கு ஆள் இருக்காது, அப்புறம் "ஒரு பெட்டி குறைந்தது" என்ற பேச்சு வரும். "சரியாக 2:30-க்கு" என்றும் சொல்லாதீர்கள். இரண்டு மணி நேர இடைவெளி சொல்லிவிட்டு, முந்தைய கடையில் இறக்கியதும் டிரைவர் அடுத்த கடைக்கு ஒரு போன் போடட்டும்.

பணம். பழைய கடைகளிடம் முன்பணம் கேட்க வேண்டாம், அது உறவைக் கெடுக்கும். பழைய பாக்கியை முதல் தவணை இறங்குமுன் தீர்க்கச் சொல்வது நியாயம், அதைக் கேட்கலாம். புதுக் கடை என்றால் கால் பங்கு முன்பணம் வாங்கிவிடுங்கள்.

12-ஆம் தேதிக்குள் சொன்னவர்களுக்கு ஒரு தனி மரியாதையும் செய்யலாம். ஐந்து பெட்டிக்கு ஒன்று, பிரிக்காமல் இருந்தால், பாவூபீஜ் முடிந்த வாரத்தில் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொல்லுங்கள். பாவூபீஜ் வரைக்கும் மராத்தி வீடுகளில் ஃபராள் தட்டு ஓடும், சக்லி விற்கும். திரும்பி வருவது நீங்கள் பயப்படும் அளவுக்கு இருக்காது.

கடைசியில், தாமதமாக வருகிறவர்கள். வருவார்கள். அதிலும் பெரிய கடைக்காரர் ஒருவர் நவம்பர் 3-ஆம் தேதி போன் செய்து 100 கிலோ கேட்பார். நான் ஒரு வருஷம் அப்படிக் கேட்டவருக்கு, முலுண்டில் ஒரு சின்னக் கடைக்கு எடுத்து வைத்திருந்த எட்டுப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். பெரியவர் அடுத்த வருஷமும் கடைசி நாளில்தான் கேட்டார். சின்னக் கடைக்காரர் மட்டும் அதோடு என்னிடம் வாங்குவதை விட்டுவிட்டார். இன்றுவரை எனக்கு அது உறுத்துகிறது. ஆகவே தாமதமாகக் கேட்பவருக்கு ஒதுக்கி வைத்த 150 கிலோவிலிருந்து மட்டும், ரொக்கத்துக்கு, அவரே யூனிட்டுக்கு வந்து எடுத்துக்கொள்ளும்படி சொல்லுங்கள். வண்டியில் அவருக்கு இடம் கிடையாது. அதுவும் தீர்ந்துவிட்டால், "தீர்ந்துவிட்டது சேட்" என்று சொல்லிவிட்டு, அவர் கேட்ட 100 கிலோவை நோட்டில் அவர் பெயருக்கு எதிரே எழுதி வையுங்கள். கொடுத்ததை மட்டுமல்ல, கேட்டதையும் எழுத வேண்டும். அடுத்த வருஷம் அவருக்கு அனுப்பப் போகும் வாட்ஸ்அப்பின் முதல் வரி அந்த எண்தான்.