கங்காணி வாயில் என்ன வைப்பது?

கேள்வி: கோயில் திருவிழாவுக்கு எங்கள் தோட்டத்து இளைஞர்கள் நாடகம் போடுகிறோம். துரைமார் காலத்துக் கதை. பெரட்டுக்களத்தில் கங்காணி ஒரு பையனைக் கெட்ட வார்த்தையால் ஏசி, இரத்தம் வர அடிக்கிறான். அதனால் பையன் தோட்டத்தை விட்டே ஓடுகிறான். பிள்ளைகள் பார்ப்பார்கள், குறையுங்கள் என்கிறது கோயில் கமிட்டி. குறைத்தால் கதை நிற்குமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: தம்பி, முதலில் ஏச்சைப் பார்ப்போம். கெட்ட வார்த்தை இருந்த இடத்தில் "நாசமாப் போறவனே" என்று போட்டுவிடாதீர்கள். லயத்துப் பாட்டிமார் பேரனைக் கொஞ்சும்போதே அதைச் சொல்வார்கள். பாதி வார்த்தையோடு நிறுத்தினால் மீதியைப் பின்னால் நிற்கும் பொடியன்கள் சத்தமாக முடித்து வைப்பார்கள். இரட்டை அர்த்தம் இன்னும் மோசம். விசில் பறக்கும், அடிபடுகிறவன் கோமாளியாகிவிடுவான்.

அந்த ஏச்சு பையனைச் சிறுமைப்படுத்தத்தானே வருகிறது? அதற்குத் தமிழில் ஒரு "டேய்" போதும், யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்பதுதான் விஷயம். கங்காணியின் வயதை 25 ஆக்குங்கள். பையனுடைய நரைத்த அப்பாவையும் வரிசையில் நிறுத்துங்கள்.

"டேய் கிழவா, ஒன் மகனுக்கு வாய் நீளுது. இன்னைக்கு ஒனக்கும் அரைப் பேருதான்."

அப்பா தலைத்துண்டை இறக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சரிங்கையா" என்கிறார். அரைப் பேர் என்றால் பாதி நாள் சம்பளம் போயிற்று என்று உங்கள் சனத்துக்கு விளக்க வேண்டியதில்லை.

அடியை மேடையில் காட்டவே வேண்டாம். கம்பு ஓங்கப்படும்வரை காட்டலாம். பிறகு பையனை ஸ்டோர் சுவருக்குப் பின்னால், அதாவது பக்கத்திரைக்குள், இழுத்துப் போகட்டும். கொழுந்துக் கூடையோடு பெண்கள் சபையைப் பார்த்து நிற்கிறார்கள். உள்ளிருந்து தப்பில் ஒரே ஒரு அடி. எல்லாத் தலையும் குனிகிறது. இரண்டாவது அடிக்கு இன்னும் குனிகிறது. மூன்றாவதற்கு அம்மா மட்டும் நிமிர்கிறாள். அதோடு நிறுத்திவிடுங்கள். நான்காவது அடி விழுந்தால் சின்னப் பிள்ளைகள் எண்ணத் தொடங்கிவிடும். அலறலும் வேண்டாம், மைக்கில் அது சிரிப்பாகத்தான் கேட்கும்.

பலர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். அடியைக் குறைக்கிற கையோடு அடியின் விளைவையும் வெட்டிவிடுவார்கள். அப்புறம் பையன் ஓடுவதற்குக் காரணமே இருக்காது. அடுத்த காட்சியில், லயத்து வாசலில், அவனுக்கு உட்கார முடியவில்லை. பிளேன்டீயை நின்றுகொண்டே குடிக்கிறான். சட்டையைக் கழற்றச் சொல்கிறாள் அம்மா, மறுக்கிறான். சிவப்புச் சாயம் ஒரு துளியும் செலவாகாது. மூலையில் இருக்கும் அப்பாவும் அவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே இருக்கட்டும்.

ஒத்திகைக்குக் கதை தெரியாத யாரையாவது கூட்டி வந்து, பையன் ஏன் ஓடினான் என்று கேளுங்கள். "அடிச்சாங்க" என்று மட்டும் சொன்னால் அரைப் பேர் காட்சியைத் திரும்ப எழுத வேண்டும். "அப்பாவை அப்பிடிப் பேசினா இருப்பானா?" என்றால் பிரதியைக் கமிட்டியிடம் கொடுங்கள்.