தாள் கடை அண்ணாச்சியிடம் நாள் கேட்பது

அன்புள்ள ஐயா,

சிவகாசியில் சின்ன ஆப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். ஒன்பது வருடமாக ஒரே தாள் வியாபாரியிடம்தான் வாங்குகிறேன். அப்பா வயது, அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். செப்டம்பர் 1-ஆம் தேதி பில், 6,40,000 ரூபாய், 60 நாள் கெடு, அக்டோபர் 31-இல் கட்ட வேண்டும். ஜூலையில் ஒரு மொத்த வியாபாரிக்கு நோட்டு அடித்துக் கொடுத்த 5,20,000 இன்னும் வரவில்லை; 'டிசம்பர்' என்கிறார்கள். கையில் 1,90,000 இருக்கிறது, அதில் தீபாவளி போனஸ் 80,000 போகும். நவம்பர் 15 வாக்கில் ஒரு ஜவுளிக்கடை காலண்டருக்கு 2,50,000 உறுதியாக வரும். டிசம்பரில் சில்லறை காலண்டர் ஆர்டர்களில் 3 லட்சம் போல வரவேண்டும். வாரக்கூலி, கரண்டு எல்லாம் அன்றாட வேலையில் ஓடிவிடுகிறது. நவம்பர் பாதிக்கு மேல் இன்னும் ஒன்றரை லட்சத்துக்குத் தாள் வேண்டும். பேசாமல் இரண்டு மாதம் தள்ளி ஒரு செக் கொடுத்துவிடலாம் என்கிறார் எங்கள் மேனேஜர். கேட்டால் சீசன் நேரத்தில் தாளை நிறுத்திவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

- ஒரு வாசகர், சிவகாசி

அன்புள்ள நண்பருக்கு,

செக் வேண்டாம், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 31 என்று தேதி போட்டு 6,40,000-க்கு ஒரு செக் கொடுத்தால், அந்தத் தேதியில் உங்கள் கணக்கில் அந்தப் பணம் இருக்காது என்பது இன்றைக்கே உங்களுக்குத் தெரியும். செக் திரும்பினால் அவர் 30 நாளுக்குள் நோட்டீஸ் விடலாம். நோட்டீஸ் கைக்கு வந்து 15 நாளுக்குள் நீங்கள் கட்டாவிட்டால் அது கிரிமினல் வழக்கு. ஒன்பது வருடப் பழக்கத்தில் அவர் வழக்குக்குப் போகாமலே இருக்கலாம். ஆனால் அந்தச் செக்கை நம்பி அவரும் யாருக்காவது தேதி சொல்லியிருப்பார். திரும்பி வருகிற செக்கில் அவருடைய வாக்கும் சேர்ந்து போகிறது.

'இரண்டு மாதம் பொறுங்கள்' என்று மொத்தமாகக் கேட்பதும் சரியல்ல. எந்தக் கணக்கும் பார்க்காமல் கேட்கிறீர்கள் என்பது அவருக்குச் சட்டென்று புரிந்துவிடும். ஒரு தாளை எடுத்து, வரப்போகும் பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: உறுதியானது, அநேகமாக வரும் என்பது, வந்தால் நல்லது என்பது. உறுதியானதை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். சில்லறை ஆர்டர் மூன்று லட்சத்தில் இரண்டை மட்டும் டிசம்பர் கணக்கில் சேருங்கள். காலண்டர் பணம் பொங்கலைத் தாண்டியும் இழுக்கும் என்பது உங்களுக்கே தெரியும். நோட்டுப் பணத்தை டிசம்பர் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

போனஸ் போக இப்போது கையில் 1,10,000. அதில் 20,000 வைத்துக்கொண்டு அக்டோபர் 31 அன்றே 90,000 கட்டலாம். நவம்பரில் வரும் இரண்டரை லட்சத்தில் ஒன்றரை லட்சம் புதுத் தாளுக்கு. மீதியில் நவம்பர் 20-இல் இன்னொரு 90,000. டிசம்பர் 31-இல் 1,80,000. ஆக மொத்தம் 3,60,000. மிச்சம் 2,80,000 ஜனவரி 31-க்குப் போகும். முதல் மூன்று தவணையும் நோட்டுப் பணம் வராவிட்டாலும் கட்டக்கூடியவை. கடைசித் தவணை அப்படியல்ல. ஒவ்வொரு முறையும் ஒதுக்கிய 50,000-மும், பிந்தி வரும் சில்லறை ஒரு லட்சமும் சேர்ந்தால் ஒன்றரை லட்சம்தான் தேறும். இதை அண்ணாச்சியிடம் மறைக்காதீர்கள்.

இப்போது அவர் பக்கம் இருந்து பாருங்கள். நீங்கள் இழுக்கிற ஒவ்வொரு நாளும் அவருக்கு எங்கே வலிக்கும்? மில்லுக்கு அவர் சீக்கிரம் பணம் கட்டினால்தான் கேஷ் டிஸ்கவுண்ட் கிடைக்கும். அதற்குப் பணம் பெரும்பாலும் வங்கியின் சிசி என்ற கடன் கணக்கிலிருந்து வருகிறது. அந்தக் கணக்கில் எவ்வளவு எடுக்கலாம் என்பதை, அவரிடம் உள்ள சரக்கையும் வெளியே நிற்கும் பாக்கியையும் வைத்து மாதாமாதம் கணக்கிடுவார்கள். வழக்கமாக 90 நாளைத் தாண்டிய பாக்கியை வங்கி அதில் சேர்த்துக்கொள்ளாது. செப்டம்பர் 1 பில்லுக்கு 90-ஆவது நாள் நவம்பர் 30. அன்றைக்கு உங்கள் பாக்கி 4,60,000 நிற்கும். அதற்கு மறுநாளிலிருந்து அந்தப் பாக்கியின் பேரில் அவர் எடுத்துவந்த பணம் குறையும். அதனால் நோட்டுப் பணம் நவம்பரிலேயே கொஞ்சம் வந்தாலும், அது 30-ஆம் தேதிக்குள் அவருக்குப் போகட்டும். ஒரு வாரம் கழித்துக் கொடுக்கும் அதே பணம் அவருக்கு அவ்வளவு உதவாது.

வட்டியை நீங்களே முதலில் சொல்லுங்கள். மாதம் ஒரு சதவீதம் என்று வைத்தால், மேலே சொன்ன தவணைப்படி சுமார் 13,000 ரூபாய் ஆகும். (வாங்குவதாக இருந்தால் டெபிட் நோட் போடுவார், அதற்கும் ஜிஎஸ்டி உண்டு.) வேண்டாம் என்று அவர் சொல்லலாம். ஆனாலும் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் அவருக்கு அது உண்மையான செலவு. இன்னொரு தேதியும் உங்கள் கையில் இருக்கட்டும்: பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் போகாவிட்டால், கட்டாத தொகைக்கு நீங்கள் எடுத்த ஜிஎஸ்டி கிரெடிட்டை வட்டியோடு திருப்ப வேண்டும். கட்டிய பிறகு அந்தக் கிரெடிட்டைத் திரும்ப எடுக்கலாம், ஆனால் வட்டி போனது போனதுதான். இந்தப் பில்லுக்கு அது பிப்ரவரி 28. எப்படி இழுத்தாலும் அதைத் தாண்ட விடாதீர்கள்.

எப்போது போவது? அக்டோபர் 31 வரை காத்திருக்காதீர்கள், இந்த வாரமே நேரில் போங்கள். கெடு வருவதற்கு முன் சொன்னால் அது தகவல். கெடு கழிந்து சொன்னால் சாக்கு. கடை திறந்து போணி ஆகாத நேரத்தில் இந்தப் பேச்சு வேண்டாம், வெள்ளிக்கிழமையும் வேண்டாம். மதியத்துக்கு மேல், கடையில் ஆள் குறைவாக இருக்கும்போது போங்கள். மேனேஜரை அனுப்பாதீர்கள். சுற்றி வளைக்காமல், இப்படிச் சொன்னால் போதும்:

"அண்ணாச்சி, 31-ஆம் தேதி முழுப் பணமும் கட்ட முடியாது. ஒரு பார்ட்டிகிட்ட அஞ்சு லட்சம் நிக்குது. அன்னைக்குத் தொண்ணூறாயிரம் கட்டுறேன். மீதிக்குத் தேதி எழுதிட்டு வந்திருக்கேன், பாருங்க. முதல் மூணு தவணை எப்படியும் வந்துரும். கடைசி ரெண்டு எண்பது அந்தப் பார்ட்டி பணத்தை நம்பியிருக்கு. ஜனவரி 15-க்குள்ள உங்களுக்கு நிலவரம் சொல்லிடுறேன். இதுக்கு இடையில வாங்குற தாளுக்கெல்லாம் கையில காசு."

அந்தக் கடைசி வாக்கியம்தான் உங்கள் பயத்துக்கு மருந்து. பழைய பாக்கி ஏறாது, புதுச் சரக்குக்குக் கடன் கிடையாது என்று தெரிந்தால், தாளை நிறுத்த அவருக்குக் காரணம் இல்லை. நிறுத்தினால் அவர் பணம் வரும் வழியே அடைபடும். புதுத் தாளுக்குக் கொடுக்கும் காசு பழைய பில்லில் வரவாகாமல், புது பில் எண்ணைச் சொல்லித் தனியாகக் கட்டுங்கள்.

அந்தக் காசு அவர் கடைக்குத்தான் போக வேண்டும். இங்கேதான் நான் தவறினேன். நான் அச்சகம் நடத்திய காலத்தில் ஒரு தாள் வியாபாரிக்கு மூன்று லட்சம் பாக்கி. அவர் முகத்தில் விழிக்கக் கூச்சப்பட்டு, அடுத்த லோடை வேறொரு கடையில் ரொக்கத்துக்கு வாங்கினேன். தாள் என் அச்சகத்தில் இறங்கிய மறுநாள் அவருக்குத் தெரிந்துவிட்டது. லோடு வண்டிக்காரர் இரண்டு கடைக்கும் பொதுவான ஆள். "என் பணத்தில் அங்கே ரொக்கமா?" என்று மட்டும் கேட்டார். பாக்கியை முழுதாகக் கட்டிய பிறகும் அவர் எனக்குக் கடனுக்குத் தாள் கொடுக்கவில்லை. பணம் தாமதமானதை அவர் பொறுத்திருப்பார் என்று இன்றும் நினைக்கிறேன். நான் ஒளிந்ததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

அவர் சரி என்றதும், அன்று மாலையே தேதிகளையும் தொகைகளையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். நான்கு வரி போதும். அவர் மகனோ கணக்குப் பிள்ளையோ பின்னால் கேட்கும்போது, ஆளுக்கொரு தேதி சொல்லும் நிலை வராது. உத்தரவாதத்துக்குச் செக் வேண்டும் என்று அவர் கேட்டால், முதல் மூன்று தவணைக்கு மட்டும் தனித்தனியாகக் கொடுங்கள். நான்காவதுக்குக் கொடுக்காதீர்கள், ஏன் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஒரு தவணை தடுமாறும் என்று தெரிந்தால் இரண்டு நாள் முன்பே போன் செய்யுங்கள், இருக்கிற தொகையை அன்றைய தேதியில் கட்டுங்கள். தொண்ணூறாயிரத்துக்கு அறுபதாயிரமாவது அந்த நாளில் போய்ச் சேரட்டும். அவர் மனம் விலகுகிறது என்பது பேச்சில் தெரியாது, சரக்கில் தெரியும். கேட்ட ஜிஎஸ்எம் 'ஸ்டாக் இல்லை' என்று இரண்டு முறை வந்தால், அல்லது லோடு ஏற்றும் முன்பே பணம் கேட்டு ஆள் வந்தால், உடனே நேரில் போய் உட்காருங்கள்.

அண்ணாச்சிக்குப் பதில் லேமினேஷன்காரரையும் பைண்டிங்காரரையும் தள்ளிப்போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். அவர்கள் உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு தொழிலாக இருந்தால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். தாண்டினால் சட்டப்படி வட்டி உண்டு. கெடு தாண்டி, மார்ச் 31-க்குள்ளும் கட்டாவிட்டால், அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்கவும் முடியாது. 2024 ஏப்ரலில் இருந்து இந்த விதி. தாள் கடை வாங்கி விற்கும் வியாபாரம் என்பதால் அண்ணாச்சிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அவர் உங்களை நம்பி மட்டுமே நிற்கிறார்.

ஆனால் நீங்கள் வியாபாரி அல்ல, அச்சடித்துக் கொடுக்கும் உற்பத்தியாளர். அந்த நோட்டுப் பாக்கிக்கு இதே சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஜூலையில் சரக்கு கொடுத்ததற்கு முன்பே உத்யம் பதிவு இருந்ததா, பில்லில் அந்த எண் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இருந்தால் அந்த மொத்த வியாபாரிக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள்: கெடு தாண்டிய நாளிலிருந்து ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறுகிறது என்றும், மார்ச் 31 தாண்டினால் அவருக்கு வரியிலும் இடிக்கும் என்றும். அவருடைய ஆடிட்டரிடம் காட்டச் சொல்லுங்கள். 'டிசம்பர்' என்ற பேச்சுக்கு ஒரு தேதி கிடைத்தால், அண்ணாச்சியின் கடைசித் தவணைக்கு எதிரே அந்தத் தேதியை எழுதிக்கொள்ளலாம்.

அன்புடன்.