கவனக்குறைவு: பேசுவதா, வகுப்பில் பார்ப்பதா, பரிசோதனையா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது, தொடக்கநிலை மூன்றில் படிக்கிறான். கவனமே இல்லை என்கிறார் வகுப்பாசிரியர். வீட்டிலோ லெகோவோடு உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் அசைவதில்லை. கணினியில் ஒரு பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும் என்று தோழி சொல்கிறாள். வகுப்பில் யாராவது உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும் என்கிறார் என் கணவர். முதலில் பெற்றோரிடம் பேச வேண்டும் என்கிறார் பள்ளி ஆலோசகர். எதைச் செய்வது? – ஒரு தாய், செங்காங்

பதில்: ஆலோசகர் சொல்வதிலிருந்து தொடங்குங்கள். மற்ற இரண்டும் தேவையா, தேவையென்றால் எந்தப் பாடவேளையில் பார்ப்பது, எந்தப் பரிசோதனையை எடுப்பது என்பதெல்லாம் அந்தப் பேச்சில்தான் முடிவாகும்.

ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு என்று சொல்வதற்கு நாங்கள் தேடுவது ஒரு நாள் நிலவரத்தை அல்ல. அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், வீடு பள்ளி என இரண்டு இடங்களிலாவது தென்பட வேண்டும், பிள்ளையின் படிப்பையோ பழக்கவழக்கத்தையோ உண்மையிலேயே கெடுக்க வேண்டும். இதைச் சொல்லக்கூடியவர்கள் கூடவே இருந்து பார்த்தவர்கள்தான்.

“கவனமாக இருக்கிறானா?” என்று நான் கேட்பதில்லை. அதற்குக் கிடைப்பது புகார் அல்லது வக்காலத்து. “நேற்று வீட்டுப்பாடத்தை எத்தனை மணிக்கு எடுத்தான்? அடுத்த பத்து நிமிடம் என்ன நடந்தது?” என்று கேட்பேன். “இரண்டாவது கணக்கில் பென்சில் சீவ எழுந்தான், போகிற வழியில் தம்பியின் காரை எடுத்தான், நான் கூப்பிட்டபோது எதற்கு எழுந்தோம் என்பதே அவனுக்கு நினைவில்லை” என்று ஒரு தாய் சொன்னால் எனக்குப் பாதி வேலை முடிந்தது. மாலையில் அவனோடு உட்காருபவர் பாட்டியோ பணிப்பெண்ணோ என்றால் அவரையும் அழைத்து வாருங்கள். பல வீடுகளில் அந்தப் பத்து நிமிடத்தைப் பார்ப்பவர் அவர்தான். லெகோவை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். பிடித்த விளையாட்டில் மூழ்குவது ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளாலும் முடியும். பிடிக்காத வேலையில் கவனத்தைப் பிடித்து வைத்திருப்பதுதான் அவர்களுக்குக் கடினம்.

எப்போது தொடங்கியது என்பது அடுத்த கேள்வி. பாலர் பள்ளியிலிருந்தே இப்படியா, இந்த ஆண்டுதானா? தொடக்கநிலை மூன்றில் வகுப்பு 30 பிள்ளைகளிலிருந்து 40 வரை பெரிதாகிறது. மதிப்பெண்ணுக்கான சோதனைகள் வருகின்றன, அறிவியல் சேர்கிறது, கணக்கும் நீளமான வாக்கியங்களில் வருகிறது. அதுவரை சமாளித்த கவனக்குறைவும் இங்கே வெளிப்படலாம், அதுவரை மறைந்திருந்த வாசிப்புச் சிக்கலும் வெளிப்படலாம். இரண்டும் ஆசிரியர் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். இதே பேச்சில் குறட்டை, தூக்க நேரம், கண், காது பற்றியும் கேட்டுவிடுவேன். பேச்சின் நடுவே சில விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் தொடரும் பிள்ளைக்கு வலிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது வேறு வழி.

பெற்றோர் நினைவுக்கும் எல்லை உண்டு என்பதால் ஆசிரியர்களுக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்புகிறோம். கவனம் சார்ந்த ஒன்பது வாக்கியங்களில் ஆறுக்காவது ‘அடிக்கடி’ அல்லது அதற்கு மேல் குறித்திருந்தால் கவனிக்க வேண்டிய அளவு. வகுப்பாசிரியரோடு தமிழாசிரியரிடமும் ஒன்று கொடுங்கள். வீட்டுக் கதையும் இரண்டு தாள்களும் ஒத்துப்போய், வேறு காரணமும் இல்லையென்றால் பெரும்பாலும் அதோடு முடிவு சொல்லிவிடலாம்.

ஒத்துப்போகாதபோதுதான் வகுப்பில் போய்ப் பார்ப்பது பயன்படுகிறது. உங்கள் மகன் வயதுப் பையன் ஒருவன். வகுப்பாசிரியர் ஒன்பதில் ஏழு குறித்தார், தமிழாசிரியர் இரண்டு. ஆங்கில வீட்டுப்பாடத்துக்கு மட்டும்தான் சண்டை என்றார்கள் வீட்டில். பள்ளி ஆலோசகர் ஆங்கிலக் கருத்தறிதல் பாடத்தில் பின்னால் உட்கார்ந்து, 20 நிமிடத்துக்கு 15 விநாடிக்கு ஒருமுறை நிமிர்ந்து, வேலையில் இருக்கிறானா இல்லையா என்று குறித்தார். பக்கத்து வரிசைப் பையன் ஒருவனையும் அதேபோல் குறித்தார். அந்த ஒப்பீடு முக்கியம். ஒன்பது வயதில் யாரும் 20 நிமிடம் முழுக்கக் கவனமாக இருப்பதில்லை. 80 முறையில் வேலையில் இருந்தது இவன் 38, மற்றவன் 66. மறுநாள் தமிழ் உரையாடல் பாடத்தில் இவன் 64, மற்றவன் 67. கவனம் சரிந்தது படிக்க வேண்டிய இடத்தில்.

இப்போதுதான் பரிசோதனைக்கு ஒரு கேள்வி கிடைத்தது: இவனுக்கு வாசிக்க வருகிறதா? உளவியலாளர் அறிவுத்திறன் சோதனையோடு சொற்களையும் பொருளில்லாத சொற்களையும் வாசிக்கவும், சொல்லக் கேட்டு எழுதவும் வைத்தார். சிந்திக்கும் திறன் வயதுக்கு ஏற்றபடியே இருந்தது, வாசிப்பு வெகுவாகப் பின்தங்கியிருந்தது. தொடக்கநிலை மூன்று, நான்கில் பள்ளியிலேயே நடக்கும், டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிக்கலுக்கான உதவி வகுப்பில் சேர்த்தோம். இரண்டு சிக்கலும் ஒரே பிள்ளைக்கு இருப்பதும் சகஜம் என்பதால், ஆறு மாதம் கழித்துக் கவனத்தை மறுபடி பார்ப்பதாகவும் குறித்துக்கொண்டோம்.

உங்கள் தோழி சொல்லும் கணினிப் பரிசோதனை வேறு வகை. சுமார் 14 நிமிடம் திரையில் எழுத்துகள் வரும், X தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அமைதியான அறை, பக்கத்தில் ஒரு பெரியவர், புதுமையான வேலை. ஏடிஎச்டி உள்ள பல பிள்ளைகள் இதில் நன்றாகவே செய்துவிடுவார்கள். தூங்காத பிள்ளையும் பயந்த பிள்ளையும் மோசமாகச் செய்யலாம். மற்ற விவரங்களோடு சேர்த்துப் பார்க்க உதவும்; அதை மட்டும் வைத்து ஏடிஎச்டி இருக்கிறது, இல்லை என்று சொல்ல உதவாது. என் அறையில் அவன் சமர்த்தாக உட்கார்ந்தாலும் அதே கதைதான், அதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

வகுப்பில் பார்ப்பதிலும் குறைகள் உண்டு. தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பிள்ளை நிமிர்ந்துவிடுவான். ஒரே பாடத்தைப் பார்த்தால் அந்த நாளின் மனநிலைதான் கிடைக்கும். அதனால் அவனுக்குச் சிரமமான பாடம் ஒன்று, எளிதான பாடம் ஒன்று என இரண்டையாவது பார்க்கச் சொல்லுங்கள். அவனிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம்.

ஆலோசகரிடம் ஒப்புதல் கொடுத்து, தொடக்கநிலை ஒன்றிலிருந்து வந்த அறிக்கைப் புத்தகங்களையும் சரியாகப் போன ஒரு பயிற்சித்தாளையும் சொதப்பிய ஒன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். தேவைப்பட்டால் பள்ளியே பள்ளிப் பிள்ளைகளின் மனநலத்தைக் கவனிக்கும் மனநலக் கழகத்தின் ரீச் குழுவுக்கு அனுப்பும். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனைக்கும் போகலாம். எந்தப் பரிசோதனைக்கும் இப்போதே பணம் கட்ட வேண்டாம். கண் பரிசோதனை மட்டும் விதிவிலக்கு. ஒன்பது வயதில் கிட்டப்பார்வை இங்கே மிகச் சாதாரணம், வெண்பலகை தெரியாத பிள்ளையும் ஜன்னலைத்தான் பார்ப்பான்.